கால்மாட்டுச் சூடு

என்னிடம் வேலை பழக வந்த ஆள் என்னைவிட முப்பது வயது மூத்தவர். என் மாமனார். காலமெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர், வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல், "உன் கடையில எனக்கு ஒரு ஸ்டூல் போடும்மா, நானும் எதையாவது கத்துக்கிறேன்" என்றார். என் அத்தை, அதாவது மாமியார், கும்பிடாத குறையாகச் சொன்னார்: "தயவு செஞ்சு கூட்டிட்டுப் போ. இங்க இருந்தா என் உயிரை வாங்குறார்."

எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை என்று பெயர்தான் பெரிது. ஒரு மேசை, கரண்ட் அளக்கும் மீட்டர் இரண்டு, ஈயம் வைக்கும் சால்டரிங் அயன், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். தெருவில் எனக்கு 'ஃபியூஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சட்டென்று போய்விடுமாம். பொய்யில்லை. மாமாவிடமும் அப்படித்தான் சத்தம் போட்டேன், முதல் வாரம் அவர் ஒரு டிவி போர்டைத் திறந்து, பெரிய கெப்பாசிட்டரில் கை வைக்கப் போனபோது. "பிளக்கைப் பிடுங்கினாலும் அதுக்குள்ள கரண்ட் நிக்கும் மாமா! என்னை உள்ள தள்ளப் பாக்குறீங்களா?" என்று கத்தினேன். அவர் கையை இழுத்துக்கொண்டு, "சரிங்க முதலாளியம்மா" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெயர்தான்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த மனிதர் பேச்சைக் குறைத்து ஒரு மாதம் ஆகிறது. அத்தை இறந்து ஒரு மாதம் ஆகிறது.

அத்தைக்கு நுரையீரல் பலம் போயிருந்தது. பகலில் சமாளித்துவிடுவார். தூக்கத்தில் மூச்சு தானாகக் குறைந்துவிடும். அதற்காக ஒரு மெஷின். மூக்கின் மேல் மாஸ்க் மாட்டினால், காற்றை அளவாகத் தள்ளிக் கொடுக்கும். அதற்குக் கரண்ட் கொடுப்பது செங்கல்லில் பாதி அளவுள்ள ஒரு கறுப்பு அடாப்டர். போன வருஷம் அந்த அடாப்டர் கெட்டபோது, நான்தான் திறந்து உள்ளே இரண்டு கெப்பாசிட்டரை மாற்றினேன். நன்றாகவே ஓடியது. ஒரு நாள் ஓடாமல் போனது. காலையில் மாமா எழுந்து பார்த்தபோது மெஷின் நின்றிருந்தது, அத்தையும் இல்லை. பஸ் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே ஆயுள் முழுக்க உட்கார்ந்த மனிதருக்குக் காது மந்தம். அது நின்றது அவருக்குக் கேட்கவே இல்லை.

மெஷின் நின்றதால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, அந்த நிலையில் எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்றார் டாக்டர். என் நாத்தனாருக்கு அது காதில் ஏறவில்லை. மாமாவின் மூத்த பெண், தையல் கடை நடத்துகிறவர், எனக்கு அண்ணி. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "இவ ஒட்டுப்போட்ட மெஷின்தான் எங்கம்மாவைக் கொன்னுச்சு." அதன்பிறகு வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. லாரி ஓட்டும் என் கணவர் வாயைத் திறக்காமல் அடுத்த லோடுக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கே இருந்தது. சோறு இறங்கவில்லை.

அந்த அடாப்டரை அண்ணி ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்த் தன்னிடமே வைத்திருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"திற. அப்பா முன்னாடி திற. அவருக்கும் இப்ப இந்த வேலை புரியும்ல? உன் தப்பா இல்லையான்னு அவர் வாயால நான் கேக்கணும். சாயங்காலம் வர்றேன்."

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

மாமா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அடாப்டரைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பினேன். அடியில் ஒட்டியிருந்த லேபிள் பழுப்பேறி, ஓரத்தில் பசை உருகி வழிந்திருந்தது. அந்தப் பசையில் நீல நிறத்தில் கொஞ்சம் கம்பளி நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதோ பிசிறு என்று நினைத்து விரலால் கிள்ளி எடுத்தேன். எடுத்த பிறகுதான் அந்த நிறம் மனதில் பட்டது. அத்தையின் சால்வை. அது எப்படி இங்கே வந்தது என்று அப்போது யோசிக்க நேரமில்லை. இடது கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

"முதல்ல வெளியில இருந்து பாருங்க மாமா" என்றேன்.

பிளக்கைச் செருகி, முனையில் மீட்டரை வைத்தார். இருபத்து நாலு வோல்ட் காட்டியது.

"சரியாத்தானே இருக்கு?"

"வேலை குடுக்காத வரைக்கும் எல்லாரும் நல்லவங்கதான். சுமை குடுத்துப் பாருங்க."

இழுப்பறையிலிருந்து இரண்டு பஸ் பல்புகளை எடுத்தார். அவர் டிப்போவிலிருந்து கொண்டுவந்தவை. பஸ்ஸில் இருபத்து நாலு வோல்ட் என்பதால் இந்த மாதிரி அடாப்டரைச் சோதிக்க அவை கச்சிதம். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவரே அவர்தான். அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையை அத்தையிடம் போய்ச் சொல்லிச் சிரித்தேன். இப்போது பல்புகள் பளிச்சென்று எரிந்தன. உடனே மங்கின, அணைந்தன, மறுபடி எரிந்து மறுபடி அணைந்தன. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று மெஷினும் இப்படித்தான் எழுந்து எழுந்து விழுந்திருக்கும். மாமா கையை நீட்டி பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

பெட்டியின் ஒட்டுவாயில் கத்தியை ஓட்டிப் பிளந்தேன். அவர் கேட்காமலே ரெசிஸ்டரை எடுத்து, பெரிய கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் வைத்து, மிச்சமிருந்த கரண்டை இறக்கினார். மீட்டரை வைத்துப் பூஜ்யம் என்று உறுதி செய்துகொண்டார். சத்தம் போட்டதற்குப் பலன் இருந்தது.

நான் போன வருஷம் போட்ட இரண்டும் கரண்ட் வெளியேறும் பக்கத்தில், அடுத்தடுத்து நின்றன. தலை இரண்டும் உப்பியிருந்தன. நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். அதில் கீறிவிட்டிருக்கும் சிலுவைக் கோடு, உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் விரிந்து கொடுப்பதற்காக. இங்கே கோடு விரிந்து, ஓரத்தில் பழுப்புக் கறை. என் கையால் வைத்து, என் கையால் ஈயம் ஊற்றியவை.

"இதுதான் நீ போட்டதா?"

"ஆமா மாமா."

கழற்றி அவர் கையில் கொடுத்தேன். புதிதாக ஒன்றை எடுத்து இன்னொரு கையில் வைத்தேன். "எடை பாருங்க."

"பழசு லேசா இருக்கு."

"உள்ள ரெண்டு அலுமினியத் தகடு, நடுவுல காகிதம், எல்லாம் சேத்து ஒரே சுருளா இருக்கும். காகிதம் ஒரு திரவத்துல ஊறியிருக்கும். ஒரு தகட்டு மேல கண்ணுக்கே தெரியாத ஒரு தோல் இருக்கு. அதுதான் கரண்டைத் தாங்கி நிறுத்துது. அந்தத் தோல் வரைக்கும் போய்ச் சேர்றது இந்தத் திரவம் வழியாத்தான். அது காஞ்சிட்டா, தகடு இருந்தும் புண்ணியமில்லை. கரண்டு முட்டி மோதிப் போகணும். அதுலயே இன்னும் சூடாகும், இன்னும் காயும்."

தடையை அளக்கும் சின்ன மீட்டரில் வைத்தார். புதியது ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று காட்டியது. பழையது மூன்று ஓமைத் தாண்டியது. கொள்ளளவும் ஐந்தில் ஒரு பங்காக இறங்கியிருந்தது.

"திரவம் எங்க போகும்?" என்றார்.

"அடியில ரப்பர் அடைப்பான் இருக்கு பாருங்க. அது வழியா ஆவியா கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டேதான் இருக்கும். அது எல்லாத்துக்கும் உள்ளதுதான். சாதாரணமா வருஷக்கணக்குல தாங்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் என் வார்த்தையே எனக்குத் திரும்பி வந்தது. அவரும் பிடித்துக்கொண்டார்.

"நீ போட்டு ஒரு வருஷம்தானே ஆச்சு?"

போர்டைத் திருப்பினேன். எதிர்முனையில் இருந்த பெரிய கெப்பாசிட்டர், கம்பெனியிலிருந்து வந்தபடியே இருப்பது, நான் தொடாதது. போன வருஷம் அளந்து, நன்றாக இருக்கிறது என்று விட்டுவைத்தது. இப்போது அளந்தேன். பாதி செத்திருந்தது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை சுருங்கி மேலேறியிருந்தது. நடுவில் இருந்த சின்னது, அதையும் நான் தொடவில்லை, அதுவும் காய்ந்திருந்தது. பாகங்கள் ஆடாமல் இருக்க வைக்கும் வெள்ளைப் பசை காப்பி நிறத்துக்குப் போயிருந்தது.

ஒன்று மட்டும் செத்திருந்தால் அது அதனுடைய கோளாறு, அல்லது அதை மாட்டியவள் கோளாறு. ஒரு வருஷத்துக்குள் எல்லாம் சேர்ந்து காய்ந்திருந்தால், அவை இருந்த இடம்தான் அவற்றைக் கொன்றிருக்கிறது. பெட்டி முழுக்கச் சூட்டில் கிடந்திருக்கிறது, பல நாள், பல மணி நேரம்.

என் தப்பில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. வாய்விட்டு அழுதிருப்பேன். அப்போது இடது கைக்குள் அந்தக் கம்பளி நூல் உறுத்தியது.

மெஷின் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கும். அடாப்டர் தரையில் கிடக்கும். நான்தான் அப்படி வைத்தேன், காற்றுப்பட. சால்வை அத்தையின் காலில் இருக்கும். அவருக்குப் பாதம் எப்போதும் சில்லென்று இருக்கும், இரண்டு சாக்ஸ் போட்டாலும் போதாது. கொஞ்ச நாளாக அவர் சாக்ஸ் கேட்பதை நிறுத்தியிருந்தார். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். அவர்கள் அறைக்குள் படுக்கும் நேரத்தில் போகிறவர் மாமா ஒருவர்தான்.

"என்னம்மா? எல்லாமே ஏன் காஞ்சிருக்கு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

"போலி மாமா. நான் போட்டது போலி. கடைக்காரன் ஏமாத்திட்டான், நானும் சோதிக்காம போட்டுட்டேன். அது கெட்டு, அந்தச் சூட்டுல மத்ததும் போயிடுச்சு. என் தப்புதான். அண்ணிகிட்ட நானே சொல்லிடுறேன்."

அவர் தலையாட்டினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆனால் அவர் கை மேசையில் எதையோ தேடியது. கட்டர்.

"போலின்னா, பெரிய டப்பாவுக்குள்ள சின்ன டப்பாவை ஒளிச்சு வச்சிருப்பான்னு போன மாசம் ஒண்ணை வெட்டிக் காட்டினியே."

"அது வேற மாதிரி போலி மாமா. விடுங்க, கையைக் கிழிச்சுக்கப் போறீங்க."

விடவில்லை. ரப்பர் அடைப்பானுக்கு மேலே கட்டரை வைத்துச் சுற்றி வெட்டி, டப்பாவை உருவினார். ஸ்டியரிங் பிடித்த கை, நடுங்காது. உள்ளே சுருள் டப்பா நிறைய இருந்தது. சின்ன டப்பா எதுவும் இல்லை. சுருளைப் பிரித்தார். காகிதம் பழுப்பாக, மொரமொரப்பாக உதிர்ந்தது. பிறகு என்னைக் கேட்காமலே அந்தப் புதியதையும் வெட்டினார். அதன் காகிதத்தைத் தொட்ட விரல் ஈரமானது. உலர்ந்த விரலையும் ஈர விரலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நல்ல சரக்குதான் போட்டிருக்க" என்றார். "இது வெந்துபோயிருக்கு."



"எவ்வளவு சூடு ஏறினா இப்படி ஆகும்?"

"தெரியலை மாமா."

"பத்து டிகிரி ஏறினா ஆயுசு பாதின்னு நீதானே சொன்ன. அந்தப் பெட்டி தரையில கெடந்தா கைக்கு இதமாத்தான் இருக்கும்." அவர் கண் என்மேல் இல்லை, அந்தப் பழுப்பு லேபிளின் மேல் இருந்தது. "கம்பளியில சுத்தி வச்சா?"

அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. இடது கையைத் திறந்தேன். வேர்வையில் நனைந்து அந்த நீல நூல் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அவர் அதை எடுத்து, வெட்டிய சுருளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கால் ஐஸா இருந்துச்சும்மா. தேச்சு விட்டாலும் சூடு ஏறலை. ஒருநாள் அந்தப் பெட்டி கால்ல பட்டுச்சு, வெதுவெதுன்னு இருந்துச்சு. சால்வையில சுத்திக் கால்மாட்டுல வச்சேன். 'இதை ஏன் இத்தனை நாள் செய்யலை'ன்னு கேட்டா. அப்புறம் தினமும் அதைத்தான் கேப்பா. காலையில நீங்கல்லாம் எழுந்துக்கறதுக்குள்ள எடுத்துக் கீழ வச்சிடுவேன்."

"ஏன் மாமா ஒளிச்சு வச்சீங்க?"

"நீ கத்துவியே."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். ஆமாம், கத்தியிருப்பேன். கத்தியிருந்தால் எடுத்திருப்பார். என்னால் அந்த ஸ்டூலைப் பார்க்கவே முடியவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவில்லை.

அண்ணி சொன்னபடி வந்தார். ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"என் தப்புதான் அண்ணி. போலிப் பார்ட் போட்டுட்டேன்."

அண்ணியின் முகம் இறுகியது. வாயைத் திறப்பதற்குள் மாமா பேசினார்.

"அவ பொய் சொல்றா."

"அப்பா, நீங்க சும்மா இருங்க. மருமகளைக் காப்பாத்தவேண்டாம்."

"நான் யாரையும் காப்பாத்தலை. வா, இங்க உக்காரு. விரலை வை. இது புதுசு, ஈரமா இருக்கா? இது உங்கம்மா மெஷின்ல இருந்தது. காஞ்சு கெடக்கு. இது இவ போட்டது. இது இவ தொடாதது. ரெண்டும்தான் காஞ்சிருக்கு. வெளியில இருந்து சூடு ஏறினாத்தான் இப்படி ஆகும்." பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பதுபோல ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். கடைசியில் அந்த நூலைக் காட்டினார். "இது அம்மா சால்வை. பெட்டியை அதுல சுத்தி அவ காலடியில வச்சது நான்."

தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. அண்ணி நூலைத் தொடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றார் கடைசியில்.

"தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா செஞ்சது நான்."

"டாக்டரே சொன்னாரே அப்பா, அதனாலதான்னு சொல்ல முடியாதுன்னு…"

"அதை ஒரு மாசமா இவகிட்ட ஏன் சொல்லலை?"

அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மாமா அவர் தலையில் கை வைத்தார். நான் செம்பிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி நீட்டினேன். வாங்குவாரா என்று தெரியாமல்தான் நீட்டினேன். என்னை நிமிர்ந்து பார்க்காமல் வாங்கி, முழுவதையும் குடித்தார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மாமா இனி கடைக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் எனக்கு முன்னால் வந்து ஷட்டரைத் தூக்கியிருந்தார். மேசைமேல் வெள்ளை ஸ்டிக்கர் தாள். பேனாவைப் பிடித்து, பெரிய எழுத்தில், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். 'துணி போட்டு மூடக்கூடாது. படுக்கையில் வைக்கக்கூடாது.' இப்போது எங்கள் கடையிலிருந்து அது ஒட்டாமல் ஓர் அடாப்டர்கூட வெளியே போவதில்லை. லேப்டாப் ஆனாலும் சரி, குழந்தையின் பொம்மை வண்டி ஆனாலும் சரி. நான் ஒன்றும் சொல்வதில்லை. அன்றிலிருந்து நான் கத்தவுமில்லை; யாராவது ஃபியூஸ் என்று கூப்பிட்டால்தான் அந்தப் பழக்கம் ஞாபகத்துக்கே வருகிறது.

நேற்று ஒரு கல்லூரிப் பையன் லேப்டாப் அடாப்டரை வாங்கிப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன பெரியவரே, மூடினா இதுக்கு என்ன, மூச்சா முட்டிடும்?"

மாமா ஸ்டிக்கரின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"முட்டும்பா" என்றார்.